ஃப்ரெண்டோட பொறந்தநாள மறந்துட்டேன், எப்படி ஸாரி சொல்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்ப தான் கவனிச்சேன், பொறந்தநாள் முந்தாநாளே முடிஞ்சிருச்சு. உடனே மெசேஜ் போடவா, இல்ல நல்லா யோசிச்சு நாளைக்கு அனுப்பவா?

இன்னிக்கே அனுப்புங்க. யோசிச்சு எழுதுறதுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கோங்க, ஒரு நாள் எடுத்துக்காதீங்க. ஏன்னா மறந்தது ஒரு விஷயம், ஞாபகம் வந்ததுக்கு அப்புறமும் சொல்லாம இருந்தது இன்னொரு விஷயம், ரெண்டாவது தான் ஃப்ரெண்டுக்கு ரொம்ப வலிக்கும். பொறந்தநாள் அன்னிக்கே நைட் 11:40க்கு ஞாபகம் வந்தா தூங்கியிருப்பாங்களோன்னு யோசிக்காம கூப்பிட்டுடுங்க, எடுக்கலன்னாலும் மிஸ்டு கால் அந்த தேதில பதிஞ்சிருக்கும்ல.

ஒரு மாசம் கழிச்சு தான் தெரிஞ்சுதுன்னா அதையும் அப்படியே சொல்லுங்க, "ஒரு மாசம் ஆயிடுச்சு, இன்னிக்கு தான் எனக்கு ஒறைச்சுது"ன்னு. பிலேட்டட்னு ஒரு ஸ்டிக்கர மட்டும் போட்டுட்டு நகந்துடாதீங்க, ஒரு மாசத்த ஒரு ஸ்டிக்கருக்குள்ள ஒளிச்சு வைக்க முடியாது.

என்ன எழுதுறதுன்னே தெரியல, டைப் பண்ணி டைப் பண்ணி அழிக்கிறேன். ஒரு மாடல் குடுங்களேன்.

எனக்கு நடந்ததையே சொல்றேன். ஹாஸ்டல்ல மூணு வருஷம் ஒரே ரூம்ல இருந்த என் ஃப்ரெண்டு, இப்ப கோயம்புத்தூர்ல இருக்கா, நான் திருச்சில. வருஷா வருஷம் அவ பொறந்தநாளுக்கு ராத்திரி 12 மணிக்கு மொத கால் என்னோடது தான், கல்யாணம் ஆனதுக்கு அப்புறமும் அது மாறல. அவளோட 30வது பொறந்தநாள் ஒரு புதன்கிழமை வந்துச்சு, நான் மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை நைட்டு இன்னொரு ஹாஸ்டல் ஃப்ரெண்டு ஸ்டேட்டஸ்ல அவ கேக் வெட்டுற ஃபோட்டோவ பாத்தேன், அப்ப தான் தெரிஞ்சுது. வயித்துக்குள்ள என்னமோ கீழ விழுந்த மாதிரி இருந்துச்சு.

உடனே டைப் பண்ணது இது: "ஹேய் ஸாரி ஸாரி ஸாரி டி, இந்த வாரம் ஆஃபீஸ்ல ஆடிட், தெனமும் வீட்டுக்கு வர ஒம்பது மணி ஆயிடுது, செவ்வாக்கிழமைலேந்து பாப்பாக்கு வேற காய்ச்சல், நைட்டு தூக்கமே இல்ல, என்ன கிழமைன்னே தெரியாம ஓடிட்டிருக்கேன், உன் பர்த்டே மிஸ் ஆயிடுச்சு, நான் எப்பவும் மறக்கமாட்டேன்னு உனக்கே தெரியும்ல, ரொம்ப கில்ட்டியா இருக்கு, கோவமா? ப்ளீஸ் மன்னிச்சிடு, பிலேட்டட் ஹாப்பி பர்த்டே செல்லம்."

நல்ல வேளை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ அவ இடத்துலேர்ந்து படிச்சு பாத்தேன். ஒரு வார்த்தை கூட பொய் இல்ல, ஆடிட் நெஜம், காய்ச்சல் நெஜம். ஆனா பொறந்தநாள் அவளோடது, மெசேஜ் முழுக்க இருக்கிறது நான். இத படிச்சா அவ என்ன ரிப்ளை போடுவா? "அய்யோ பாப்பாக்கு இப்ப எப்படி இருக்கு?"ன்னு தான். பொறந்தநாள் வாழ்த்து வராம ரெண்டு நாள் காத்திருந்தவ என்னைய ஆறுதல் படுத்தணும், கோவப்பட்டா கொழந்தைக்கு காய்ச்சல்னு சொல்றவகிட்ட கோவப்பட்ட பாவம் வேற அவளுக்கு. அவ கோவப்பட இடமே நான் விடல.

எல்லாத்தையும் அழிச்சுட்டு கடைசில அனுப்பினது இது:

"உன் 30வது பொறந்தநாள நான் மறந்துட்டேன் டி. 12 மணிக்கு நான் கூப்பிடுவேன்னு நெனச்சிருப்ப. தப்பு என்னோடது, ஸாரி. லேட்டா சொன்னாலும் மனசார சொல்றேன், ஹாப்பி பர்த்டே. வர்ற ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு, கோயம்புத்தூர் வர்றேன், உனக்கு தோதுப்படுமான்னு பாத்து சொல்லு, அவசரமில்ல."

இதுல ரெண்டாவது வரிய தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். "மறந்துட்டேன், ஸாரி"ங்கறது யாரு வேணா யாருக்கு வேணா அனுப்பலாம். "12 மணிக்கு நான் கூப்பிடுவேன்னு நெனச்சிருப்ப"ங்கறத நான் அவளுக்கு மட்டும் தான் அனுப்ப முடியும். அவளுக்கு அன்னிக்கு எது இல்லாம போச்சுன்னு எனக்கு தெரியும்னு அந்த ஒரு வரி சொல்லுது. உங்க மெசேஜ்லயும் அந்த மாதிரி ஒரு வரி இருக்கணும், நீங்க ரெண்டு பேரும் வழக்கமா என்ன பண்ணுவீங்களோ அது. சேந்து பிரியாணி சாப்பிட போவீங்களா, காலேஜ் ஃபோட்டோவ தேடி போடுவீங்களா, அவன் அம்மாகிட்ட ஃபோன்ல பேசுவீங்களா, அதுல எது நடக்கலயோ அத சொல்லுங்க. ஆனா ஒரே வரில சொல்லுங்க, நீட்டுனா அதுவும் நாடகமா ஆயிடும்.

"மிஸ் ஆயிடுச்சு டா, ஸாரி"ன்னு தான் அனுப்பினேன். அவன் ஒரு மாதிரி ரிப்ளை பண்றான். இதுல என்ன தப்பு?

"ஆயிடுச்சு"ங்கற வார்த்தை. நம்ம தமிழ்ல இது ஒரு வசதி, தப்பு பண்ண ஆளே இல்லாம தப்ப சொல்லிடலாம். மறந்துபோச்சு, விட்டுப்போச்சு, மிஸ் ஆயிடுச்சு, லேட் ஆயிடுச்சு, இதுல எதுலயும் நான்ங்கற ஆளு கிடையாது, மழை பேஞ்ச மாதிரி அது தானா நடந்துச்சு. வேணும்னு யாரும் அப்படி சொல்றதில்ல, வாய்ல அது தான் மொதல்ல வரும், பஸ்ஸ விட்டாலும் "பஸ் போயிடுச்சு"ன்னு தானே சொல்றோம். ஆனா காயப்பட்ட ஆளு காதுக்கு அந்த வித்தியாசம் நல்லாவே கேக்கும், அவனுக்கே ஏன்னு சொல்லத் தெரியாது, என்னமோ ஒட்டாத மாதிரி இருக்கும்.

மறந்துபோச்சு வேண்டாம், மறந்துட்டேன்னு எழுதுங்க. மிஸ் ஆயிடுச்சு வேண்டாம், மிஸ் பண்ணிட்டேன்னு எழுதுங்க. சில எழுத்து தான் மாறுது, ஆனா "ட்டேன்"னு முடிக்கிற அந்த வார்த்தைல நீங்க நேரா நிக்கிறீங்க.

இதே மாதிரி இன்னொண்ணு, "ஹர்ட் ஆயிருந்தா ஸாரி." இந்த "இருந்தா"ங்கறது, ஹர்ட் ஆச்சா இல்லயாங்கறத எதிர்ல இருக்கறவங்க வந்து நிரூபிக்கணும்னு கேக்கற மாதிரி இருக்கு. அவ ஹர்ட் ஆயிருப்பான்னு உங்களுக்கு தெரியும், தெரிஞ்சதால தான் மெசேஜே போடறீங்க. அப்புறம் ஸாரிக்கு பின்னாடி வர்ற "ஆனா". "ஸாரி டா, ஆனா நீயாச்சும் ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல"ன்னு செல்லமா தான் எழுதியிருப்பீங்க, படிக்கும்போது செல்லம் தெரியாது, பழி அவன் மேல வந்து விழுந்தது தான் தெரியும்.

எனக்கு நெஜமாவே காரணம் இருந்துச்சு. அப்பாவ ஹாஸ்பிடல்ல சேத்திருந்தோம். அதைக்கூட சொல்லக்கூடாதா?

சொல்லணும், கண்டிப்பா சொல்லணும். சொல்லாம விட்டீங்கன்னா பத்து நாள் கழிச்சு வேற யாரோ சொல்லி ஃப்ரெண்டுக்கு தெரியவரும், அப்ப "அங்கிளுக்கு உடம்பு சரியில்லன்னு கூட எங்கிட்ட சொல்லலயே"ன்னு அது ஒரு புது வருத்தம்.

ஆனா ஒரே வாக்கியம், அதுவும் வாழ்த்துக்கு அப்புறம். "அப்பாவ ஹாஸ்பிடல்ல சேத்திருந்தோம், நேத்து வீட்டுக்கு வந்துட்டாரு, இப்ப நல்லா இருக்காரு." இவ்ளோ தான். எந்த வார்டு, டாக்டர் என்ன சொன்னாரு, எத்தன நாள் நீங்க தூங்கல, அதெல்லாம் அவங்க கேட்டா ஃபோன்ல சொல்லிக்கலாம், கண்டிப்பா கேப்பாங்க.

எது காரணம், எது சாக்குன்னு எனக்கு நானே வச்சிருக்கிற கணக்கு ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு நாள்ல நான் வேற யாருக்காச்சும் சாவகாசமா மெசேஜ் பண்ணேனா, ரீல்ஸ் பாத்தேனா? பாத்திருக்கேன்னா அது காரணம் இல்ல. ஆடிட் வாரத்துல நான் ஸ்டேட்டஸ் பாத்துட்டு தான் இருந்தேன், அதனால ஆடிட்ட பத்தி எழுதல. ஆஸ்பத்திரி, சாவு, விபத்து மாதிரி விஷயம்னா இந்த கேள்வியே வராது. பிஸிங்கறது மட்டும் எப்பவுமே காரணம் ஆகாது, ஏன்னா அவளும் பிஸி தான், போன மார்ச்ல என் பொறந்தநாளுக்கு அவ கூப்பிட்டா.

ஒரே ஒரு ஸாரி போட்டா ஃபார்மலா இருக்காதா? திரும்ப திரும்ப கேட்டா தானே ஃபீல் பண்றோம்னு தெரியும்?

ஒண்ணு போதும். பத்து ஸாரி போட்டா அவங்க பத்து தடவ பரவால்லன்னு சொல்லணும், அது அவங்களுக்கு வேலை.

இத பத்தி 2016ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அமெரிக்கால ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில ராய் லெவிக்கின்னு ஒருத்தரும் அவர் கூட ரெண்டு பேரும் பண்ணது. மொத்தம் 755 பேர்கிட்ட பல விதமான மன்னிப்ப குடுத்து எது எடுபடுதுன்னு பாத்தாங்க. வருத்தம் தெரிவிக்கிறது, காரணம் சொல்றது, தப்ப ஒத்துக்கறது, இனிமே பண்ணமாட்டேன்னு சொல்றது, சரி பண்றேன்னு முன்வர்றது, மன்னிச்சிடுன்னு கேக்கறதுன்னு மன்னிப்ப ஆறா பிரிச்சாங்க. அதுல மொத இடம் "தப்பு என்னோடது"ன்னு ஒத்துக்கறதுக்கு, அடுத்தது சரி பண்ண முன்வர்றதுக்கு, கடைசி இடம் மன்னிச்சிடுன்னு கேக்கறதுக்கு. அவங்க எடுத்துக்கிட்ட கதை வேலை கேட்டு வந்த ஒரு அக்கவுண்டன்ட் பழைய ஆஃபீஸ்ல வரிக் கணக்கு தப்பா போட்டதப் பத்தி, ஃப்ரெண்ட்ஷிப் பத்தி இல்ல, அதனால அப்படியே நம்ம விஷயத்துக்கு பொருத்திட முடியாது. ஆனா எனக்கு அந்த வரிசை சரின்னு தான் படுது. மன்னிச்சிடுங்கறது நம்ம ஃப்ரெண்டுகிட்ட நாம ஒண்ணு கேக்கறது, அதுவும் அவங்களுக்கு நாம கடன்பட்டிருக்கிற நேரத்துல. தவிர ஃப்ரெண்ட்ஸுக்குள்ள "என்னை மன்னிச்சிடு"ன்னு எழுதினா மேடைல பேசற மாதிரி ஆயிடுது, "தப்பு என்னோடது"ங்கறது தான் நாம வீட்ல நெஜமா பேசற பேச்சு.

மெசேஜா, வாய்ஸ் நோட்டா, காலா?

மொதல்ல மெசேஜ், அப்புறம் கால். நேரா கால் பண்ணா ஃப்ரெண்டு அந்த நிமிஷமே பதில் சொல்லியாகணும், மனசுல என்ன இருந்தாலும் வாய்ல "ச்சே அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு தான் வரும். மெசேஜ்னா படிச்சுட்டு ஃபோன கீழ வச்சு கொஞ்ச நேரம் கோவப்பட்டுக்கலாம், அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. மறுநாள் சாயங்காலம் கூப்பிடுங்க.

வாய்ஸ் நோட்ல ஒரு ஆபத்து, பேச ஆரம்பிச்சா நிறுத்த வராது, மூணு நிமிஷம் போயிடும், அதுல ரெண்டரை நிமிஷம் காரணமா இருக்கும். டைப் பண்ண வராது, பேச தான் வரும்னா ஒரு நிமிஷத்துக்குள்ள முடிங்க.

மெசேஜ வேற எங்கயாச்சும் எழுதி வச்சுட்டு அப்புறம் அவங்க சேட்ல ஒட்டுங்க. அனுப்பிட்டு எல்லாருக்கும் டெலீட் பண்ணீங்கன்னா டெலீட் பண்ண அடையாளம் அங்க நிக்கும், என்ன எழுதி அழிச்சான்னு அவங்க யோசிச்சிட்டே இருப்பாங்க. வாட்ஸ்அப்ல 15 நிமிஷம் வரைக்கும் எடிட் பண்ணலாம், அதுலயும் எடிட் பண்ணதுன்னு காட்டும்.

"பரவால்ல டி"ன்னு ரிப்ளை வந்துச்சு. அவ்ளோ தானே, முடிஞ்சுதுல்ல?

எனக்கும் அதே தான் வந்துச்சு, மறுநாள் மத்தியானம், வெறும் "பரவால்ல டி", எமோஜி இல்ல. எப்பவும் மூணு வரி எழுதறவ.

பரவால்லங்கறது மன்னிச்சிட்டேன்னும் இருக்கலாம், இப்போதைக்கு இத பத்தி பேச வேணாம்னும் இருக்கலாம். "விடு"ன்னு வந்தாலும் அப்படி தான். எதுன்னு தெரிஞ்சுக்க அந்த வார்த்தைய பாக்காதீங்க, அதுக்கு பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க. "பரவால்ல, நீ எப்படி இருக்க, அன்னிக்கு என்னாச்சு தெரியுமா"ன்னு பேச்சு ஓடினா சரியாயிடுச்சு. பரவால்லவோட நின்னுட்டா இன்னும் இருக்கு.

இருக்குன்னு தெரிஞ்சா தோண்டாதீங்க. "இல்ல நீ கோவமா தான் இருக்க, சொல்லு"ன்னு நச்சரிச்சா அவங்க கோவத்தயும் நம்ம அவசரத்துக்கு தீக்கச் சொல்ற மாதிரி ஆயிடும். நான் "சரி டி, நாளைக்கு சாயங்காலம் கூப்பிடறேன்"ன்னு மட்டும் போட்டேன், ஆறரை மணிக்கு கூப்பிட்டேன், பொறந்தநாள் அன்னிக்கு என்ன பண்ணாங்க, எங்க போனாங்கன்னு கேட்டேன், அவ சொல்லச் சொல்ல கேட்டுட்டிருந்தேன். மொத அஞ்சு நிமிஷம் ஒத்த வார்த்தைல தான் பதில் வந்துச்சு. அந்த அஞ்சு நிமிஷத்த தாங்கிக்கணும்.

ப்ளூ டிக் வந்து மூணு நாள் ஆச்சு, ரிப்ளையே இல்ல. இன்னொரு தடவ ஸாரி கேக்கவா?

வேண்டாம். "??", "கோவமா?", "ரிப்ளை பண்ண மாட்டியா?" இதெல்லாம் போடாதீங்க, காமன் ஃப்ரெண்ட தூதும் விடாதீங்க. ஒரு வாரம் போகட்டும். அப்புறம் நீங்க வழக்கமா என்ன அனுப்புவீங்களோ அத அனுப்புங்க, ஒரு பழைய ஃபோட்டோ, அவங்க ஊர்ல மழையான்னு ஒரு கேள்வி. அதுக்கும் பதில் இல்லன்னா பிரச்சினை பொறந்தநாள் இல்ல, அதுக்கு முன்னாடியே சேந்து கெடக்கிற எதுவோ ஒண்ணு, அத மெசேஜ்ல பேசி தீக்க முடியாது, நேர்ல போங்க.

போன வருஷமும் மறந்திருக்கீங்களா? அப்படின்னா மெசேஜ்ல அதையும் சேத்து சொல்லியிருக்கணும், "போன வருஷமும் மறந்தேன்"னு. அவங்க எண்ணிட்டிருக்கிறத நீங்க எண்ணாத மாதிரி காட்டிக்கிட்டா மெசேஜ் எவ்ளோ நல்லா இருந்தாலும் பதில் வராது.

கேக் ஆர்டர் பண்ணி அனுப்பிடவா? ஸ்டேட்டஸ்ல ஃபோட்டோ போட்டு விஷ் பண்ணவா?

ஸ்டேட்டஸ் வேண்டாம், இப்ப வேண்டாம். அது 24 மணி நேரம் ஊரே பாக்கறதுக்கு, மறந்தது உங்க ரெண்டு பேருக்குள்ள.

கேக் தப்பில்ல, ஆனா ஸாரி மெசேஜும் கேக்கும் ஒரே நேரத்துல போய் சேந்தா பணத்த குடுத்து கணக்க முடிச்ச மாதிரி இருக்கும். அதவிட ஒரு நாள குடுங்க. "சீக்கிரமே மீட் பண்ணலாம்"ங்கறது நாள் இல்ல, அது எல்லாரும் எல்லார்கிட்டயும் சொல்றது. "ரெண்டாவது சனிக்கிழமை காலைல 11 மணிக்கு உன் வீட்ல இருப்பேன்"ங்கறது தான் நாள். சொல்லிட்டு போகலன்னா மறந்தத விட பெரிய தப்பு, அதனால லீவு கிடைக்கும்னு உறுதியா தெரிஞ்ச நாளா பாத்து சொல்லுங்க.

"இனிமே ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்"ன்னு எழுதாதீங்க. காலண்டர்ல வருஷா வருஷம் வர்ற மாதிரி போட்டு, ரெண்டு நாள் முன்னாடி ஒண்ணும், முந்தின நாள் ராத்திரி 11:45க்கு ஒண்ணுமா ரிமைண்டர் வைங்க. அவங்ககிட்ட அத சொல்லத் தேவையில்ல, அடுத்த வருஷம் 12 மணிக்கு ஃபோன் அடிச்சா தெரிஞ்சுக்குவாங்க.

நட்சத்திரப் பொறந்தநாள் அடுத்த வாரம் தான் வருது. அன்னிக்கு விஷ் பண்ணிட்டு "இதுக்கு தான் வெயிட் பண்ணேன்"ன்னு சொல்லிடலாமா?

சொல்லாதீங்க, அது பொய். மறந்துட்டேன்னு இன்னிக்கு சொல்லிடுங்க. அப்புறம் அடுத்த வாரம் அந்த நட்சத்திரத்தன்னிக்கு அவங்க பேருக்கு கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு "உன் பேருக்கு பண்ணேன்"ன்னு சொன்னா, நம்பிக்கை உள்ளவங்களா இருந்தா ரொம்ப சந்தோஷப்படுவாங்க.

போன வருஷம் அவன் தான் என் பொறந்தநாள மறந்தான், நான் ஒண்ணுமே கேக்கல. இப்ப நான் மட்டும் ஸாரி கேக்கணுமா?

கேளுங்க. அவன் மறந்தது உங்களுக்கு வலிச்சுதுன்னா அத தனியா இன்னொரு நாள் சொல்லுங்க, இதோட கலக்காதீங்க.

நேர்ல பாக்கும்போது திரும்பவும் ஸாரி சொல்லணுமா?

நீங்களா ஆரம்பிக்க வேண்டாம், அவங்க எடுத்தா பேசுங்க. நான் அந்த ரெண்டாவது சனிக்கிழமை விடியக்காலைல பஸ் ஏறி போனேன். கதவ தொறந்தவ "வாடி, சாப்டியா?"ன்னு தான் கேட்டா. தோசை ஊத்தி குடுத்தா, ஃபோன்ல பொறந்தநாள் ஃபோட்டோவெல்லாம் காட்டினா, நான் ஒண்ணு விடாம பாத்தேன், அந்த நீல புடவை யாரு எடுத்து குடுத்ததுன்னு கேட்டேன். மத்தியானம் பாத்திரம் கழுவிட்டிருக்கும்போது திரும்பாமலே சொன்னா, "அன்னிக்கு ஃபோன சார்ஜ்ல கூட போடாம தலமாட்டுலயே வச்சிருந்தேன், நீ கூப்பிடுவேன்னு. ஒன்ற மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்."

எனக்கு அந்த நேரம் ஆடிட், காய்ச்சல் எல்லாம் வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. "காத்திருக்க வச்சிட்டேன் டி"ன்னு மட்டும் சொன்னேன். அவ ஒரு தட்ட கழுவி எங்கிட்ட நீட்டினா, நான் தொடச்சு அடுக்கினேன்.